ஷார்ட்ஸ் வருமானமும் தொண்ணூறு நாள் கணக்கும்

யூடியூப் ஷார்ட்ஸ் வீடியோக்களின் வழியே விளம்பரப் பணம் வர வேண்டுமானால், ஒரு சேனல் இரண்டு எண்களைத் தொட வேண்டும். ஒன்று, 1,000 சப்ஸ்கிரைபர்கள். மற்றது, கடைசி 90 நாட்களில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள். முதல் எண்ணில் குழப்பம் அதிகம் இல்லை. இரண்டாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீடியோவின் கீழே தெரியும் பார்வை எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் எல்லை தாண்டியிருக்கும்; தகுதியைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால் பாதிகூட வந்திருக்காது. இன்னும் சிலருக்கு, போன வாரம் 25 லட்சம் என்று காட்டிய கணக்கு இந்த வாரம் 12 லட்சமாக இறங்கியிருக்கும். கணக்கில் தவறு எதுவும் இல்லை. அது எதை எண்ணுகிறது, எதை விடுகிறது, எப்போது கழிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த இரண்டு அதிர்ச்சிக்கும் விடை கிடைத்துவிடும்.

ஷார்ட்ஸ் முதலில் சோதனையாக வந்தது இந்தியாவில்தான், 2020 செப்டம்பரில். டிக்டாக் தடை செய்யப்பட்டு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. தொடக்கத்தில் இதற்கென விளம்பரப் பங்கு ஏதும் கிடையாது. 2021-ல் 10 கோடி டாலர் நிதி ஒன்றை ஒதுக்கி, அதிலிருந்து மாதந்தோறும் சிலரைத் தேர்ந்து யூடியூப் பணம் கொடுத்தது. யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஏற்பாடு அது. 2023 பிப்ரவரி 1 முதல் அது போய், ஷார்ட்ஸ் வரிசையில் இடையிடையே வரும் விளம்பரங்களின் வருமானத்தைப் பங்கு பிரிக்கும் முறை வந்தது. படைப்பாளிகளுக்கென ஒதுக்கப்படும் தொகையில் சேனலின் பார்வைக்கு ஏற்ப அதன் பங்கு கணக்கிடப்பட்டு, அதில் 45 சதவீதம் சேனலுக்குச் சேர்கிறது. அந்த முறையோடு வந்ததுதான் 90 நாளில் 1 கோடி என்ற நிபந்தனை.

அதற்குக் கீழே இன்னொரு படியும் உண்டு. 2023 ஜூனில் சில நாடுகளில் தொடங்கி, பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு வந்த படி இது. இதில் 500 சப்ஸ்கிரைபர்கள் போதும். கடைசி 90 நாட்களில் எல்லோரும் பார்க்கும்படி குறைந்தது மூன்று வீடியோக்கள் போட்டிருக்க வேண்டும். இவற்றோடு, 90 நாட்களில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகள் அல்லது 365 நாட்களில் 3,000 மணி நேரப் பார்வை, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். இந்தப் படியில் ஏறினால் விளம்பரப் பங்கு வராது. நேரலையில் ரசிகர்கள் காசு போடும் சூப்பர் சாட், வீடியோவுக்கு நன்றியாகத் தரும் சூப்பர் தேங்க்ஸ், மாதச் சந்தா கட்டும் உறுப்பினர் திட்டம் போன்ற வழிகள் திறக்கும். விளம்பரப் பங்குக்கு மேல்படியின் எண்களே வேண்டும்: 1,000 சப்ஸ்கிரைபர்கள், அதோடு 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள் அல்லது 4,000 மணி நேரம். கீழ்ப்படியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சேனல் மேல்படியை எட்டும்போது முழு விண்ணப்பத்தையும் மறுபடி போட வேண்டியதில்லை.

இங்கே 'அல்லது' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி அது, பாதி இது என்று சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. 15 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகளும் 1,500 மணி நேரமும் வைத்திருக்கும் சேனல் இரண்டு வழியிலும் நடுவில் நிற்கிறதே தவிர, எந்த வழியிலும் தேறிவிடவில்லை. ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4,000 மணி நேரக் கணக்கில் சேர்வதும் இல்லை. ஷார்ட்ஸ் மட்டுமே போடும் சேனலில் மணி நேரப் பட்டை ஏறாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

எது ஷார்ட்ஸ், எது நீள வீடியோ என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முன்பு 60 நொடிக்குள் இருப்பதே ஷார்ட்ஸ். 2024 அக்டோபர் 15 முதல் ஏற்றப்படும் வீடியோ நெட்டுக்குத்தாகவோ சதுரமாகவோ இருந்து, மூன்று நிமிடத்துக்குள் முடிந்தால், அது ஷார்ட்ஸ் என்றே வகைப்படும். அதற்கு முன் ஏற்றியவை பழைய வகையிலேயே இருக்கின்றன. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து இரண்டரை நிமிடச் சமையல் குறிப்பு எடுத்து, 'இது நீள வீடியோ, மணி நேரக் கணக்கில் ஏறும்' என்று நம்பிக் காத்திருப்பவர் ஏமாந்து போவார். மணி நேரம்தான் குறி என்றால் கைபேசியைப் படுக்கவைத்து எடுக்க வேண்டும், இல்லையேல் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டும்.

இவ்வளவையும் ஓரிடத்தில் காட்டும் பக்கத்துக்குப் பெயர் Earn. கணினியில் studio.youtube.com என்ற முகவரியில் நுழைந்தால் இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பெயர் தெரியும். கைபேசியில் யூடியூப் ஸ்டுடியோ என்ற தனிச் செயலியை நிறுவ வேண்டும். வீடியோ பார்க்கும் வழக்கமான யூடியூப் செயலி வேறு, இது வேறு. ஸ்டுடியோ செயலியின் அடிவரிசையில் அதே Earn இருக்கும். திட்டத்தில் இன்னும் சேராத சேனலுக்கு இந்தப் பக்கத்தில் முன்னேற்றப் பட்டைகள் வரும். சப்ஸ்கிரைபருக்கு ஒரு பட்டை. அதன் அருகே, மணி நேரத்துக்கு ஒன்றும் ஷார்ட்ஸ் பார்வைக்கு ஒன்றுமாக இரண்டு. எவ்வளவு வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு எண்களும் பட்டையோடு தெரியும். அதே பக்கத்தில், கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடப்பட்டிருக்கிறதா, சேனல் மீது ஸ்ட்ரைக் எதுவும் நிலுவையில் உள்ளதா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். எண்கள் எல்லாம் நிறைந்து, இந்த இரட்டைச் சரிபார்ப்பு ஒன்று மட்டும் போடாமல் விட்டதால் நின்றுபோவதும் நடக்கக்கூடியது. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஸ்ட்ரைக் அப்படியல்ல, விழுந்தது விலக 90 நாளாகும். தகுதி வந்ததும் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் பொத்தானும் அங்கேயே உண்டு.

சப்ஸ்கிரைபர் பட்டையைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. அதற்குக் காலவரம்பு கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன் சேர்ந்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒன்றுதான். மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது நீக்கும்போது மட்டும் எண் சற்றுக் குறையும். 1,003-ல் நிற்கும் சேனல் ஒரு காலையில் 997-க்கு வந்துவிடலாம். அதனால் எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்பதைவிடப் பத்திருபது பேர் கூடுதலாக இருப்பது நல்லது.

ஷார்ட்ஸ் பட்டைதான் வேறு வகை. அது சேமிப்பு உண்டியல் அல்ல, போட்டதெல்லாம் உள்ளேயே கிடப்பதற்கு. தொண்ணூறு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பந்தியைப் போன்றது. ஒவ்வொரு நாளின் பார்வையும் ஒரு ஆள். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், முதலில் உட்கார்ந்தவர் எழுந்து போயாக வேண்டும். பட்டையில் தெரிவது இப்போது பந்தியில் இருக்கும் தொண்ணூறு நாட்களின் கூட்டுத்தொகை மட்டுமே. ஆகவே ஒரு நாளில் பட்டை எவ்வளவு நகர்கிறது என்பதற்கு ஒரே கணக்குதான்: இன்று சேர்ந்த பார்வையிலிருந்து, 90 நாளுக்கு முந்தைய அந்த நாளின் பார்வையைக் கழிக்க வேண்டும். இன்றையது பெரிதாக இருந்தால் ஏறும், அன்றையது பெரிதாக இருந்தால் இறங்கும். நல்ல பார்வை வருகிற நாளிலும் பட்டை இறங்குவதற்கு இடமிருக்கிறது.

ஒரு சேனலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து சமையல் ஷார்ட்ஸ் போடுகிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 640 சப்ஸ்கிரைபர்கள். வாரம் நான்கைந்து வீடியோ. குறி, கீழ்ப்படியின் 30 லட்சம். ஜூன் 10 அன்று பரோட்டா மாவை வீசி மடிப்பதை அருகிலிருந்து காட்டும் 28 நொடி வீடியோ ஒன்றைப் போடுகிறார். அது பிடித்துக்கொள்கிறது. ஜூன் 10 முதல் 16 வரை ஏழு நாளில் மட்டும் சேனலுக்கு 14 லட்சம் பார்வைகள். பிறகு அலை அடங்குகிறது. அதன்பின் நாளொன்றுக்குச் சராசரியாக 14,000 பார்வைகள் வருகின்றன. சிறிய சேனலுக்கு அது நல்ல எண்தான்.

செப்டம்பர் 7 அன்று அவர் Earn பக்கத்தைப் பார்க்கிறார். ஜூன் 10 முதல் செப்டம்பர் 7 வரை, முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து, சரியாக 90 நாட்கள். அலை வீசிய ஏழு நாளின் 14 லட்சம். மீதி 83 நாளுக்கு 14,000 வீதம் 11 லட்சத்து 62 ஆயிரம். ஆக 25 லட்சத்து 62 ஆயிரம். இன்னும் 4 லட்சத்து 38 ஆயிரம்தான் பாக்கி. நாளுக்கு 14,000 வந்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று அவர் கணக்கிடுகிறார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் மறுநாள் செப்டம்பர் 8. ஜூன் 10 பந்தியிலிருந்து எழுந்து போகிறது. அதற்கு அடுத்த நாள் ஜூன் 11. இப்படி ஒரு வாரத்தில், லட்சக்கணக்கான பார்வைகளைச் சுமந்த ஏழு நாட்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. உள்ளே வருபவை நாளுக்கு 14,000 மட்டுமே. செப்டம்பர் 14 அன்று கணக்கில் இருப்பவை ஜூன் 17 முதலான சாதாரண நாட்கள். 90-ஐ 14,000-ஆல் பெருக்கினால் 12 லட்சத்து 60 ஆயிரம். ஏழே நாளில் பட்டை பாதியாகிவிட்டது. அவர் எதையும் நீக்கவில்லை, பார்வையும் குறையவில்லை. பரோட்டா வீடியோவின் கீழே உள்ள எண்கூட ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் 'யூடியூப் என் பார்வைகளைத் திருடிவிட்டது' என்ற புகார் பிறக்கிறது. நாளுக்கு 14,000 என்ற வேகத்திலேயே போனால் அந்தப் பட்டை இனி 12 லட்சத்து 60 ஆயிரத்திலேயே நிற்கும். எத்தனை வருடம் ஆனாலும் 30 லட்சத்தைத் தொடாது. அலை இல்லாமல், சீரான பார்வையால் மட்டும் 30 லட்சத்தை எட்ட நாளுக்குச் சுமார் 33,300 வேண்டும். 1 கோடிக்கு நாளுக்கு 1 லட்சத்து 11 ஆயிரம்.

இதையே ஜூன் 17 அன்று கணக்கிட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். அன்று கையில் 14 லட்சம். அது 83 நாட்கள் கழித்துத்தான் கரையத் தொடங்கும். மீதி வேண்டியது 16 லட்சம். அதை 83-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 19,300. வழக்கமான 14,000-ஐ 19,300-ஆக உயர்த்துவது கடினமாக இருந்தாலும் நடக்கக்கூடிய வேலை. 14,000-ஐ 33,300-ஆக உயர்த்துவது அந்த அளவுச் சேனலுக்கு மலை. ஒரு வீடியோ ஓடி முடிந்த அடுத்த வாரத்தில்தான் பெரும்பாலோர் ஓய்வெடுக்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் உழைப்புக்கு அதிகப் பலன் கிடைக்கிற நாட்கள் அவைதான். புதிதாக வந்தவர்கள் இன்னும் சேனலை மறக்காத நேரமும் அதுவே.

நாளுக்கு 19,300 வீதம் அவர் எட்டியிருந்தாலும் 30 லட்சம் நிறைவது செப்டம்பர் 7 அன்று. மறுநாளே ஜூன் 10 வெளியேற, பட்டை மறுபடி 30 லட்சத்துக்குக் கீழே வந்துவிடும். எல்லையைத் தொட்டதும் அன்றே விண்ணப்பிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது இதனால்தான். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு எண்ணிக்கை குறைந்தால் கவலையில்லை. விண்ணப்பம் அதற்காகத் தள்ளப்படாது. திட்டத்தில் சேர்ந்த பின்னும் அப்படியே. எல்லைக்குக் கீழே போன காரணத்துக்காக மட்டும் வருமானம் தானாக நின்றுவிடாது. ஆறு மாதம் அல்லது அதற்கு மேலாக எதுவும் போடாமல் கிடக்கும் சேனலிடமிருந்து அந்த உரிமையை எடுத்துக்கொள்ள மட்டும் யூடியூபுக்கு இடமிருக்கிறது.

இனி முதல் அதிர்ச்சிக்கு வரலாம்: வெளியே தெரியும் பார்வைக்கும் Earn காட்டும் பார்வைக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி? 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் பார்வையை எண்ணும் முறையையே யூடியூப் மாற்றியது. அதற்குப் பின், வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. முடிந்து மறுபடி ஓடினால் இன்னொன்று. இவ்வளவு நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் ஒரு கணம் பட்டாலும் அது எண்ணிக்கையில் ஏறும். பழைய அளவுகோல் மறைந்துவிடவில்லை. அதற்கு Engaged views என்று பெயர் சூட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள். தள்ளிவிடாமல் நின்று தொடர்ந்து பார்த்தவர்களை மட்டும் எண்ணுவது அது. தகுதிக் கணக்குக்கும் சரி, பணக் கணக்குக்கும் சரி, எடுத்துக்கொள்ளப்படுவது இந்தப் பழைய அளவுகோல்தான். மாற்றம் வந்தபோது பல சேனல்களில் வெளி எண் கூடியது. தகுதிப் பட்டை அதனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

மதுரைச் சேனலையே எடுத்துக்கொண்டால், செப்டம்பர் 7 அன்று அந்தப் பெண் ஸ்டுடியோவில் மூன்று வெவ்வேறு எண்களைப் பார்க்க நேரலாம். கடைசி 90 நாளின் Views 41 லட்சம். அதே 90 நாளின் Engaged views 26 லட்சத்து 30 ஆயிரம். Earn பட்டையில் 25 லட்சத்து 62 ஆயிரம். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், தள்ளிவிட்டுப் போனவர்கள். இந்த இடைவெளி பெரிதாக இருந்தால் வீடியோவின் முதல் ஓரிரு நொடி ஆளை நிறுத்தவில்லை என்று பொருள். பரோட்டா வீடியோ வீசும் கையோடு தொடங்கியிருக்கும். மற்றவை 'வணக்கம் நண்பர்களே' என்று தொடங்கியிருக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள 68,000 எங்கே போனது? ஜூலையில் அவர் ஒரு வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றி மறைத்தார். Analytics பக்கம் மறைத்த, நீக்கிய வீடியோக்களின் பழைய பார்வையையும் கூட்டிக் காட்டும். Earn கூட்டாது. இப்போது எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் வீடியோக்களின் பார்வையே அங்கு செல்லும். ஒரு வீடியோவை நீக்கினால் அது ஈட்டிக்கொடுத்த பார்வையும் தகுதிக் கணக்கிலிருந்து கூடவே போய்விடும். பட்டியலில் சேர்க்காமல் இணைப்பு வழியே மட்டும் காட்டும் வீடியோவுக்கும் இதே கதிதான்.

Engaged views எண் முன்பக்கத்தில் தெரியாது. தேடி எடுக்க வேண்டும். கணினியில் ஸ்டுடியோவின் Analytics பக்கத்துக்குப் போய், மேலே உள்ள Advanced mode என்பதை அழுத்தினால் விரிவான அட்டவணை திறக்கும். அங்கே உள்ளடக்க வகையில் ஷார்ட்ஸை மட்டும் வைத்து, அளவீட்டுப் பட்டியலில் Engaged views என்பதைத் தேர்ந்து, காலத்தைக் கடைசி 90 நாளாக வைத்தால், நாள்வாரியாக ஒரு வரைகோடு வரும். இந்தக் கோட்டின் இடது முனைதான் கவனிக்க வேண்டிய இடம். வலது முனையில் எவ்வளவு வருகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். இடது முனையில் இருப்பவைதான் நாளை முதல் கழியப்போகிறவை. இடது முனையில் ஒரு குன்று நின்றால், அடுத்த சில நாளில் பட்டை இறங்கப்போகிறது. அங்கே பள்ளம் இருந்தால், இப்போது வருகிற பார்வை அப்படியே கூடும். இதை வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் குறித்துவைத்தாலே போதும், எதிர்பாராத இறக்கம் என்று ஒன்று இருக்காது.

கோட்டைப் படிக்கும்போது நேரக் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். யூடியூபின் நாள் கலிஃபோர்னியாவின் நேரப்படி மாறுகிறது. அங்கே நள்ளிரவு ஆகும்போது நம் ஊரில் பகல் 12.30, அவர்களின் குளிர்கால நேரத்தில் பகல் 1.30. ஞாயிறு காலையில் இங்கே வந்த பார்வை அங்கே சனிக்கிழமைக் கணக்கில் விழும். அதோடு எண்கள் சரிபார்க்கப்பட்டு வருவதால் சற்றுப் பின்தங்கியே வந்து சேரும். இன்று காலையில் ஓடிய வீடியோவை இன்று மாலைக்குள் பட்டையில் தேடுவதில் பயனில்லை. போலியாக ஓட்டப்பட்ட பார்வைகள் என்று தெரிபவையும் கழிக்கப்படும். பார்வையைக் காசுக்கு விற்பவர்களிடம் வாங்கியது தகுதிக்கு உதவாதது மட்டுமல்ல, சேனலையே ஆபத்தில் தள்ளும்.

பட்டை நிறைந்ததும் Earn பக்கத்தில் Apply பொத்தான் உயிர் பெறும். அதன்பின் மூன்று வேலை. திட்டத்தின் அடிப்படை ஒப்பந்தத்தைப் படித்து ஏற்க வேண்டும். பணம் வந்துசேர ஆட்சென்ஸ் கணக்கை இணைக்க வேண்டும். மூன்றாவது வேலை யூடியூபுடையது, சேனலைப் பரிசீலிப்பது. முடிவு வர வழக்கமாக ஒரு மாதம் வரை ஆகும். இந்தப் பரிசீலனையில் மனிதர்களும் பார்க்கிறார்கள். எல்லா வீடியோவையும் பார்க்க முடியாது என்பதால் சேனலின் மையப் பொருள், அதிகம் பார்க்கப்பட்டவை, புதியவை, அதிகப் பார்வை நேரம் பெற்றவை, தலைப்பும் விளக்கமும் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். 'அதிகம் பார்க்கப்பட்டவை' என்பதில்தான் ஷார்ட்ஸ் சேனல்கள் பல விழுகின்றன. எண்ணிக்கையை ஏற்றுவதற்காகச் சினிமாக் காட்சியை வெட்டிப் போட்டிருப்பார்கள். பட்டை ஏறியதும் அதனால்தான், விண்ணப்பம் தள்ளப்படுவதும் அதனால்தான்.

விண்ணப்பிக்கும் முன் அவற்றை நீக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நீக்கினால், மேலே சொன்னபடி, அவற்றின் பார்வையும் கணக்கிலிருந்து போகும். 32 லட்சத்தில் 6 லட்சம் ஒரு சினிமாத் துண்டுக்கு வந்தது என்றால், நீக்கிய பின் மிஞ்சுவது 26 லட்சம். வைத்திருந்தால் பரிசீலனையில் மாட்டும், எடுத்தால் தகுதி போகும். இந்த முடிச்சை விண்ணப்ப நேரத்தில் அவிழ்க்க முடியாது. அப்படிப்பட்ட பார்வையைத் தகுதிக் கணக்கில் தொடக்கத்திலிருந்தே சேர்க்காமல், தன் சொந்த வீடியோக்களின் எண்ணை மட்டும் நோட்டில் தனியே எழுதி வருவதுதான் வழி. ஒரே அச்சில் வார்த்தது போல ஏராளமாகத் தயாரித்துக் குவிக்கும் வீடியோக்களும் தகுதியற்றவை. 2025 ஜூலையில் இந்த விதிக்குப் பெயரைத் திருத்தித் தெளிவாக்கியது யூடியூப்.

விண்ணப்பம் தள்ளப்பட்டால் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அல்லது சேனலைச் சரிசெய்து, முதல் முறை என்றால் 30 நாள் கழித்து, அதற்குப் பிறகும் தள்ளப்பட்டிருந்தால் 90 நாள் கழித்து, மறுபடி விண்ணப்பிக்கலாம். இந்த 90 நாள் இடைவெளி ஷார்ட்ஸ் வழியில் வந்தவர்களுக்குக் கடுமையானது. ஏனெனில் முதலில் தகுதி பெற்றுத் தந்த பார்வை ஒன்றுகூட அதற்குள் கணக்கில் மிஞ்சாது. மறுவிண்ணப்பத்துக்குப் புதிய பார்வையே தேவைப்படும். காத்திருக்கும் நாட்களில் சேனலை மூடிவைக்காமல் தொடர்ந்து போட்டு வருவது அதனால் கட்டாயமாகிறது.

ஏற்கப்பட்ட சேனலுக்கும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கும். மேல்படியில், ஷார்ட்ஸ் விளம்பரப் பங்குக்கெனத் தனி ஒப்பந்தம் உண்டு. நீள வீடியோ விளம்பரத்துக்கு வேறு ஒப்பந்தம். இரண்டும் அதே Earn பக்கத்தில் இருக்கின்றன. ஷார்ட்ஸ் வழியே தகுதி பெற்றவரும் இரண்டையும் ஏற்கலாம். நீள வீடியோ விளம்பரத்தில் சேனலின் பங்கு 55 சதவீதம். ஷார்ட்ஸ் ஒப்பந்தத்தை ஏற்ற நாளிலிருந்து வரும் பார்வைக்குத்தான் பணம் கணக்கிடப்படும். தகுதிக்காக ஓடிய அந்த 1 கோடிப் பார்வைக்குப் பின்தேதியிட்டு எதுவும் வராது. ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்ததும், அன்றே Earn பக்கத்தைத் திறந்து, ஷார்ட்ஸ் பங்கு ஏற்கப்பட்ட நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒப்பந்தத்தை ஏற்காமல் விட்ட ஒவ்வொரு நாளின் பார்வையும் பணக் கணக்கில் ஏறாமலே போகும்.